ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்: செம்பில் மிச்சம், எர்த் பழுதில் சிக்கல்

தமிழ்நாட்டின் மின்தொடரமைப்பில் 400 கிலோவோல்ட்டில் வந்து சேரும் மின்சாரம் 230 கிலோவோல்ட்டுக்கும், அங்கிருந்து 110 கிலோவோல்ட்டுக்கும் இறங்குகிறது. துணைமின் நிலையங்களில் இந்த இரண்டு படிகளிலும் பெரும்பாலும் வேலை செய்வது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற மின்மாற்றிகளைப் போலவே எண்ணெய்த் தொட்டியும் ரேடியேட்டர்களும்தான் தெரியும். தொட்டியின் மேல் உயரமான மூன்று 400 கிலோவோல்ட் புஷ்ஷிங்குகள், அவற்றைவிடக் குட்டையான மூன்று 230 கிலோவோல்ட் புஷ்ஷிங்குகள், இவற்றோடு மிகச் சிறிதாக நியூட்ரல் புஷ்ஷிங் ஒன்று. அந்தச் சின்னப் புஷ்ஷிங்கிலிருந்து பட்டையான கடத்திகள் இறங்கி, தனித்தனி எர்த் குழிகள் இரண்டில் முடிகின்றன. இந்த மின்மாற்றியின் பலவீனம் என்று சொல்லத்தக்கதெல்லாம் அந்தச் சின்னப் புஷ்ஷிங்கைச் சுற்றியே இருக்கிறது.

சாதாரண மின்மாற்றியில் இரண்டு சுருள்கள் உண்டு. உயரழுத்தச் சுருளுக்கும் தாழழுத்தச் சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் போவது இரும்பு உள்ளகத்தின் காந்தப்புலம் வழியாக மட்டும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸுக்கு ஒரே சுருள்தான். அதன் அடிமுனை நியூட்ரல், உச்சிமுனை 400 கிலோவோல்ட். நடுவில் தகுந்த இடத்தில் ஒரு கிளை எடுத்தால் அது 230 கிலோவோல்ட். கிளைக்குக் கீழே உள்ள பகுதி இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது என்பதால் அதைப் பொதுச்சுருள் என்றும், கிளைக்கு மேலே உள்ளதைத் தொடர்சுருள் என்றும் சொல்வார்கள். ஆற்றலில் ஒரு பகுதி இங்கே காந்தத்தின் தயவு இல்லாமலே, கம்பி வழியாக நேராக மறுபக்கம் போய்விடுகிறது. மிச்சம் பிறப்பது இந்த நேரடித் தொடர்பிலிருந்துதான்.

எவ்வளவு மிச்சம் என்பதை ஓர் உண்மையான அளவை வைத்தே கணக்கிடலாம். இந்தியாவின் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள அளவு 315 எம்.வி.ஏ. முழுச்சுமையில் இதன் 400 கிலோவோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 455 ஆம்பியரும், 230 கிலோவோல்ட் பக்கத்தில் 791 ஆம்பியரும் ஓடும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அழுத்தம் மேலே 231 கிலோவோல்ட், கீழே 133 கிலோவோல்ட். ஒரு சுருளுக்கு வேண்டிய செம்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கையையும் அதில் ஓடும் மின்னோட்டத்தையும் பொறுத்தது: சுற்று கூடினால் கம்பி நீளும், மின்னோட்டம் கூடினால் கம்பி தடிக்கும். எனவே இரண்டையும் பெருக்கினால் செம்பின் அளவுக்கு ஒரு குறியீடு கிடைக்கும். கணக்குக்கு எளிதாக, ஒரு கிலோவோல்ட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு சுருள் மின்மாற்றியானால் உயரழுத்தச் சுருளுக்கு 231 சுற்று, 455 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 1,05,000. தாழழுத்தச் சுருளுக்கு 133 சுற்று, 791 ஆம்பியர், அதுவும் 1,05,000. மொத்தம் 2,10,000. ஆட்டோவில் தொடர்சுருளுக்கு 231-லிருந்து 133 போக 98 சுற்றுதான். ஓடுவது 455 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 44,600. பொதுச்சுருளுக்கு 133 சுற்று வேண்டும். ஆனால் அதில் 791 ஆம்பியர் ஓடுவதில்லை. 230 பக்கம் வெளியேறும் 791-இல் 455 ஆம்பியர் தொடர்சுருள் வழியாக மேலிருந்தே வந்துவிடுகிறது. பாக்கி 336 ஆம்பியர் மட்டுமே பொதுச்சுருளில் ஓட வேண்டும். 133-ஐ 336-ஆல் பெருக்கினால் மறுபடியும் சுமார் 44,600. இரண்டும் சேர்ந்து 89,250. முன்பு 2,10,000 வேண்டியிருந்த இடத்தில் இப்போது அதில் 42.5 சதவீதம் போதும்; மிச்சம் 57.5 சதவீதம்.

57.5 என்பது 230-ஐ 400-ஆல் வகுத்தால் வரும் விகிதமேயன்றி வேறில்லை. பொதுவிதியும் அதுதான்: தாழழுத்தத்தை உயரழுத்தத்தால் வகுத்தால் என்ன வருகிறதோ அந்தப் பங்குச் செம்பு மிச்சம். ஆற்றலின் கணக்கிலும் இதே பிரிவு பொருந்தும். 315 எம்.வி.ஏ.யில் 57.5 சதவீதம், அதாவது 181 எம்.வி.ஏ., கம்பி வழியாக நேராகப் போகிறது. மீதி 134 எம்.வி.ஏ. மட்டுமே காந்தப்புலம் வழியாக மாற்றப்படுகிறது. ஆகவே இரும்பு உள்ளகத்தையும் 134 எம்.வி.ஏ.க்குத் தக்கதாகச் செய்தால் போதும்.

இரும்பும் சிறுத்துவிடுவதால் எண்ணெய், தொட்டி, குளிர்விப்பு எல்லாமே கூடவே குறையும். ஆனால் எடை திறனுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஒரே மாதிரி வடிவமைத்த மின்மாற்றிகளில் எடை ஏறத்தாழத் திறனின் முக்கால் அடுக்காக மாறும் என்பது வடிவமைப்பாளர்கள் கையாளும் விதி. அதன்படி 134 எம்.வி.ஏ. மின்மாற்றியின் எடை 315 எம்.வி.ஏ. மின்மாற்றியின் எடையில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 53 சதவீதம். நடைமுறையில் அவ்வளவுகூட மிஞ்சாது. உள்ளே மாற்றப்படும் திறன் 134 எம்.வி.ஏ. ஆனாலும் உச்சிமுனை தாங்க வேண்டியது 400 கிலோவோல்ட்; அதற்கான காப்பும் இடைவெளியும் புஷ்ஷிங்கும் குறையாது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சருக்கும் இடம் வேண்டும். இவற்றோடு டெர்ஷரி எனப்படும் மூன்றாவது சுருள் ஒன்றும் சேர்கிறது. அது ஏன் வேண்டும் என்பது எர்த் பழுதைப் பற்றிப் பேசும்போதுதான் விளங்கும். இத்தனை கழிவுகளுக்குப் பிறகும் விலையிலும் மின்னிழப்பிலும் ஆட்டோவே தெளிவாக முந்தி நிற்கிறது. இந்த அளவு மின்மாற்றியைச் சாலையில் இழுத்துச் செல்லப் பல அச்சு டிரெய்லர் வேண்டும், வழியிலுள்ள பாலங்கள் தாங்குமா என்று பார்த்துப் போக வேண்டும். அதனால் எடை குறைவது வாங்கும் விலையோடு நிற்கும் லாபம் அல்ல.

இனி எர்த் பழுது. மின்கம்பி அறுந்து தரையில் விழுவது, இன்சுலேட்டர் மேல் பொறி பாய்ந்து கோபுரத்தைத் தொடுவது, மரக்கிளை உரசுவது என்று எந்த வழியிலாவது ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டால் அது எர்த் பழுது. மேல்நிலைக் கம்பிகளில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அப்போது மின்னோட்டம் பழுது நடந்த இடத்தில் பூமிக்குள் இறங்கி, எங்கெங்கே நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்கிறதோ அங்கெல்லாம் மேலேறி, மின்மாற்றிச் சுருள்கள் வழியாகச் சுற்றை முடிக்கும்.

ஒரு பக்கம் நட்சத்திரமாகவும் மறுபக்கம் முக்கோணமாகவும், அதாவது ஸ்டார்-டெல்டாவாக, இணைத்த இரண்டு சுருள் மின்மாற்றி இந்த இடத்தில் ஒரு மதில்போல நிற்கும். நட்சத்திரப் பக்கத்தில் எர்த் பழுது வந்தால் அதற்குரிய பூமி மின்னோட்டம் டெல்டாவுக்குள்ளேயே சுழன்று முடியும். மறுபக்கத்துக் கம்பிகளில் அது தலைகாட்டாது. ஒரு பக்கத்து எர்த் ரிலேக்கள் மறுபக்கத்துப் பழுதைக் கண்டு ஏமாற வழியில்லை. ஆட்டோவில் இந்த மதில் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நியூட்ரல், ஒரே கம்பி. 230 கிலோவோல்ட் பக்கத்தில் பூமியைத் தொட்ட மின்னோட்டத்தின் ஒரு பங்கு 400 கிலோவோல்ட் தொடரமைப்பின் கம்பிகளிலும் ஓடும். 400 பக்கத்துப் பழுது 230 பக்கத்தையும் இழுக்கும். அதனால் இரண்டு அழுத்தங்களின் எர்த் ரிலேக்களையும் ஒரே அமைப்பாகக் கருதித்தான் நேரமும் அளவும் ஒதுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் புதிதாக ஒரு மின்மாற்றியைச் சேர்த்தால் மறுபக்கத்து ரிலே அமைப்பையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டிவருகிறது.

எல்லாவற்றையும்விடக் கடுமையான நிலை நியூட்ரலின் எர்த் இணைப்பு விட்டுப்போனால் வருவது. 400 கிலோவோல்ட் பக்கத்தில் ஒரு ஃபேஸ் பூமியைத் தொடுகிறது. நியூட்ரலோ பூமியோடு இணைந்திருக்கவில்லை. அருகில் வேறு எர்த் இணைப்பும் இல்லை என்று கொள்வோம். அந்த ஃபேஸின் உச்சிமுனை பூமியின் அழுத்தத்துக்கு, அதாவது சுழிக்கு, வந்துவிடும். சுருளின் நீளம் மாறவில்லை. ஆகவே மறுமுனையான நியூட்ரல் 231 கிலோவோல்ட் தள்ளிப் போய்விடும். 230 பக்கத்தின் மூன்று முனைகளும் அந்த நியூட்ரலிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. எனவே நியூட்ரல் நகர்ந்தால் அவையும் கூடவே நகரும். திசையையும் கணக்கில் கொண்டு கூட்டினால், 230 பக்கத்தில் பழுதில்லாத இரண்டு ஃபேஸ்களும் பூமிக்கு மேல் ஏறத்தாழ 319 கிலோவோல்ட்டில் நிற்கும். அங்கே வழக்கமாக இருக்க வேண்டியது 133 கிலோவோல்ட். 2.4 மடங்கு உயர்வு!

நியூட்ரல் எர்த் செய்யாத சாதாரணத் தொடரமைப்பில் எர்த் பழுது வந்தாலும் மற்ற ஃபேஸ்கள் 1.73 மடங்குக்கு உயர்வது உண்டு. அதற்கென்று காப்பு வைத்துக் கட்டுவதும் உண்டு. இங்கே பழுது நடந்தது ஒரு பக்கம், அடி விழுவது மறுபக்கம், அதுவும் 2.4 மடங்கு. 230 பக்கத்துச் சர்ஜ் அரெஸ்டர்கள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. வரிசையாக வெடிக்க வாய்ப்புண்டு. நியூட்ரல் புஷ்ஷிங்கின் கதை இன்னும் மோசம். நியூட்ரல் எப்போதும் பூமியோடுதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் சுருளின் அந்த முனைக்குக் குறைந்த காப்பே தருவார்கள். புஷ்ஷிங்கும் 36 கிலோவோல்ட் வகைபோல மிகச் சிறியதாக இருக்கும். அதன்மேல் 231 கிலோவோல்ட் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் பெரிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்களின் நியூட்ரலைத் தடையோ சுவிட்சோ குறுக்கிடாமல் நேரடியாக எர்த் செய்கிறார்கள். இரண்டு பட்டைகள் இரண்டு குழிகளுக்குத் தனித்தனியாகப் போவதும், ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் மற்றது காக்கட்டும் என்பதற்காகத்தான். எர்த் பழுது மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டுமென்று நியூட்ரலில் ஒரு தடையைச் செருகும் உபாயம், இரண்டு சுருள் மின்மாற்றியில் தாராளமாகச் செய்யக்கூடியது, ஆட்டோவில் கைகொடுக்காது.

நியூட்ரல் சரியாக எர்த் ஆகியிருந்தாலும் தொடர்சுருளுக்கு நிம்மதி இல்லை. 230 பக்கத்து முனைக்கு அருகிலேயே ஒரு ஃபேஸ் பூமியைத் தொட்டால், கிளைமுனை சுழிக்கு வந்துவிடும். மேலே 400 பக்கத்துத் தொடரமைப்பு வலுவானதாக இருந்தால் உச்சிமுனையை 231 கிலோவோல்ட்டிலேயே பிடித்து நிற்கும். முழுவதும் தொடர்சுருளின் குறுக்கே விழுகிறது. அதன் இயல்பான பங்கு 98 கிலோவோல்ட்; இப்போது 2.35 மடங்கு. சுற்றுக்குச் சுற்று உள்ள காப்பு இதைத் தாங்கும்படி இருந்தாக வேண்டும். இரண்டு அழுத்தங்களும் நெருங்கி வரவரச் செம்பு மிச்சம் கூடும். ஆனால் தொடர்சுருள் சின்னதாகிக்கொண்டே போவதால் இந்த மடங்கும் கூடவே ஏறும்.

பழுது மின்னோட்டத்தின் அளவும் இதே காரணத்தால் கூடுகிறது. மின்மாற்றியின் உள்மறிப்புதான் பழுதின்போது மின்னோட்டத்துக்கு அணை. 134 எம்.வி.ஏ. அளவில் வழக்கமான 12.5 சதவீத மறிப்போடு சுருளைச் சுற்றி, அதை ஆட்டோவாக இணைத்து 315 எம்.வி.ஏ. என்று பெயர் கொடுத்தால், மறிப்பு 5.3 சதவீதமாகச் சுருங்கிவிடும். பழுதில் முழுச்சுமையைப் போல 19 மடங்கு ஓடும். அதை 12.5 சதவீதத்துக்கு உயர்த்தி, பழுதை 8 மடங்குக்குள் அடக்க வேண்டுமானால், சுருள்களைத் தம் சொந்த அளவில் 29 சதவீத மறிப்பு வரும்படி இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். மிச்சத்தில் ஒரு பகுதி இப்படியும் திரும்பிப் போகிறது.

இப்போது டெர்ஷரி. நட்சத்திர இணைப்பில் உள்ள ஆட்டோவுக்குள் முக்கோணமாக மூடப்பட்ட ஒரு மூன்றாம் சுருளை வைப்பது வழக்கம். அதன் திறன் பெரும்பாலும் முதன்மைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாம் ஹார்மானிக் மின்னோட்டம் உள்ளேயே சுழன்று முடிய அது இடம் தருகிறது. பழுது மின்னோட்டத்துக்கும் அதுவே வழிவிடுகிறது. அதற்கு விலை உண்டு. டெர்ஷரியில் ஒரு சுமையும் இணைக்காவிட்டாலும், வெளியே எங்கோ கம்பியில் வரும் ஒவ்வொரு எர்த் பழுதுக்கும் அந்தச் சுருள் பெரும் மின்னோட்டத்தைச் சுமந்து, அதன் விசையில் குலுங்குகிறது. இந்தக் குலுங்கல்களைத் தாங்கும் இயந்திர வலு அதற்கு இல்லாவிட்டால், முதன்மைச் சுருள்கள் நன்றாக இருக்கும்போதே டெர்ஷரி சிதைந்துவிடும். டெர்ஷரி தரும் இந்த எளிய வழியால் மின்மாற்றிக்கு அருகே ஒரு ஃபேஸ் எர்த் பழுது, மூன்று ஃபேஸ் பழுதைவிடக் கடுமையாகிவிடுவதும் உண்டு. பிரேக்கரின் திறனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தனியே கணக்கிட்டுப் பார்க்கிறார்கள்.

ரிலே பொறியாளர்களை அதிகம் ஏமாற்றியது நியூட்ரலில் ஓடும் மின்னோட்டம். பழுது எந்தத் திசையில் என்று கண்டுபிடிக்கும் எர்த் ரிலேக்கு ஒரு நிலையான ஒப்புக்குறி வேண்டும். ஸ்டார்-டெல்டா மின்மாற்றியில் நியூட்ரல் மின்னோட்டம் அதற்கு நல்ல குறி. வெளியே பழுது எங்கே நடந்தாலும் அது பூமியிலிருந்து மேலேதான் ஏறும். ஆட்டோவில் நியூட்ரல் மின்னோட்டம் என்பது இரண்டு பக்கத்து மின்னோட்டங்களின் வித்தியாசம். 400 பக்கத்தில் ஒரு பழுது. மின்மாற்றி அதற்கு 1,000 ஆம்பியர் பூமி மின்னோட்டத்தைத் தருகிறது என்று கொள்வோம். இதைத் தருவதில் 230 பக்கத்துத் தொடரமைப்புக்கு 40 சதவீதப் பங்கு, பாக்கி டெர்ஷரியின் பங்கு என்றால், 230 பக்கத்திலிருந்து உள்ளே வருவது அந்த அழுத்தத்தின் கணக்கில் 696 ஆம்பியர். வித்தியாசமான 304 ஆம்பியர் நியூட்ரல் வழியாக மேலேறும். பங்கு 57.5 சதவீதமானால் 230 பக்கத்திலிருந்து வருவது சரியாக 1,000 ஆம்பியர். நியூட்ரலில் ஓட ஒன்றும் மிச்சமில்லை. வெளியே பெரும் பழுது நடந்துகொண்டிருக்க, நியூட்ரலில் வைத்த ரிலே சுழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பங்கு 80 சதவீதமானால் உள்ளே வருவது 1,391 ஆம்பியர். உபரியான 391 ஆம்பியர் நியூட்ரல் வழியாகக் கீழே இறங்கும். திசையே தலைகீழ்.

செம்பை மிச்சப்படுத்திய அதே 57.5 இங்கே ரிலேயைக் குருடாக்கும் எண்ணாக வந்து நிற்பது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே சுற்று விகிதத்தின் விளைவு. 230 பக்கத்தில் பழுது வந்தால் இந்தக் குழப்பம் பொதுவாக இல்லை. நியூட்ரல் மின்னோட்டம் ஒரே திசையில் மேலேறும். 400 பக்கத்துப் பழுதில்தான், அருகில் எத்தனை மின்மாற்றிகள் ஓடுகின்றன, எந்தக் கம்பி நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, நேற்று மேலேறியது இன்று கீழிறங்கும். பழுதுப் பதிவுக் கருவியின் வரைபடத்தில் கம்பிகளின் பூமி மின்னோட்டம் பெரிதாக நிற்க, நியூட்ரல் கோடு மட்டும் தட்டையாகக் கிடந்தால், சி.டி. கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டோவில் திசைக்குறியாக நியூட்ரலை நம்பாமல், டெல்டா டெர்ஷரிக்குள் சுழலும் மின்னோட்டத்தையோ பழுதின்போது தோன்றும் எஞ்சிய அழுத்தத்தையோ எடுத்துக்கொள்வது இதனால்தான்.

காப்பு முறையில் ஆட்டோவுக்கென்று ஓர் அனுகூலமும் உண்டு. உயரழுத்தம், தாழழுத்தம், நியூட்ரல் என்று ஒவ்வொரு ஃபேஸுக்கும் மூன்று முனைகளிலும் ஒரே விகிதத்தில் சி.டி. வைத்தால், உள்ளே வருவதும் வெளியே போவதும் ஆம்பியருக்கு ஆம்பியர் சமமாக இருக்க வேண்டும், ஏனெனில் இங்கே கம்பித் தொடர்பு இருக்கிறது. மின்மாற்றியை இயக்கும் கணத்தில் பாயும் மின்னோட்டமும் டேப் மாற்றமும் இந்தச் சமநிலையைக் குலைக்காது. ஆகவே சுருள் எர்த் ஆகும் பழுதை இந்த ரிலே மிக நுட்பமாகப் பிடிக்கும். ஆனால் சுற்றுக்குச் சுற்று ஏற்படும் பழுதும், டெர்ஷரிக்குள் வரும் பழுதும் இதன் கண்ணில் படாது. அவற்றுக்கு வழக்கமான டிஃபரென்ஷியல் ரிலேயும், எண்ணெயில் வாயு சேர்வதைக் காட்டும் புக்கோல்ட்ஸ் ரிலேயும் இருந்தே ஆக வேண்டும்.

இந்த நிறைகுறைகளை வைத்துப் பார்த்தால் ஆட்டோவுக்குரிய இடம் தெளிவு. இரண்டு பக்கமும் நேரடியாக எர்த் செய்த தொடரமைப்புகள், அழுத்தங்களுக்கிடையே ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு மேல் போகாத வித்தியாசம்: இந்த நிபந்தனைகள் பொருந்தும் 400/230-இலும், 47.8 சதவீத மிச்சம் தரும் 230/110-இலும் அது அசைக்க முடியாத தேர்வு. 110-லிருந்து 11 கிலோவோல்ட்டுக்கு இறக்கும்போது மிச்சம் 10 சதவீதமே. அதற்காக மதிலை இடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. மின்உற்பத்தி நிலையத்தில் ஜெனரேட்டரைக் கட்டத்தோடு இணைக்கும் மின்மாற்றியும் இரண்டு சுருளாகவே இருக்கிறது. கம்பிகளில் வரும் எர்த் பழுது மின்னோட்டம் ஜெனரேட்டருக்குள் புகக் கூடாது. தெருவோரத்தில் நிற்கும் 11 கிலோவோல்ட்/433 வோல்ட் மின்மாற்றியில் ஆட்டோவால் மிச்சமாவது 4 சதவீதத்துக்கும் குறைவு. பொதுச்சுருள் ஓரிடத்தில் அறுந்தாலோ 11 கிலோவோல்ட் நேராக வீட்டு மின்கம்பிக்கு வந்துவிடும். அங்கே எந்த நாளும் இரண்டு தனிச் சுருள்தான்.